ஒரே கல்ச்சர், இரண்டு இரட்டிப்பு நேரம்: அட்டவணையில் 34.6 நிமிடம், ஸ்கிரீன்ஷாட்டில் 16.7 நிமிடம்

மலர்_2ஆம்ஆண்டு

வணக்கம். மைக்ரோபயாலஜி பிராக்டிகல் ரெக்கார்டில் ஈ. கோலையின் இரட்டிப்பு நேரம் எழுத வேண்டும். எல்.பி. திரவம், 37 டிகிரி, ஷேக்கர் 180 சுற்று. 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து 600 நானோமீட்டரில் ஓ.டி. பார்த்தோம். ஸ்பெக்ட்ரோ திரையில் வந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதினேன். கணினியில் மென்பொருள் வரைந்த வளைவை லேப் அண்ணா ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினார். இரண்டும் ஒரே குடுவையிலிருந்து வந்தவைதான்.

```
நிமிடம்    ஓ.டி.
0          0.060
20         0.062
40         0.071
60         0.093
80         0.130
100        0.196
120        0.309
140        0.497
160        0.762
180        1.022
200        1.222
220        1.332
240        1.382
எல்.பி. மட்டும்   0.042
```

முதலில் 0, 240 இரண்டு முனைகளையும் வைத்துப் போட்டதில் 53 நிமிடம் வந்தது. அதில் லேக் கட்டமும் ஸ்டேஷனரி கட்டமும் சேர்ந்துவிட்டன என்று புரிந்ததால், 60 முதல் 120 வரை மட்டும் எடுத்தேன். 34.6 நிமிடம் வந்தது.

ஸ்கிரீன்ஷாட்டில் 85-வது நிமிடத்தில் கோடு 0.1-ஐத் தொடுகிறது. 126-வது நிமிடத்தில் 0.1-க்கும் 1-க்கும் சரியாக நடுவில் போகிறது. நடு என்றால் 0.55 என்று எடுத்தேன். 41 நிமிடத்தில் 5.5 மடங்கு, அதாவது 16.7 நிமிடம். எதை எழுதுவது? எங்கே தப்பு செய்தேன்?

கணக்குப்புலி

இரண்டும் ஒரே கல்ச்சர் என்றால் சராசரி எடுத்துவிடுங்கள். 34.6-ஐயும் 16.7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25.65 வருகிறது. எல்.பி.யில் ஈ. கோலைக்கு நம்பக்கூடிய எண்தான்.

மைக்ரோ_கோவை

ஈ. கோலைக்கு 20 நிமிடம் என்பது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. 20 வரவில்லை என்றால் ரீடிங்கே தப்பு. திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

குடுவை

மைக்ரோ_கோவை, அந்த 20 நிமிடம் நல்ல ஊடகம், நல்ல காற்றோட்டம், 37 டிகிரி, வேகமாக வளரும் ஸ்ட்ரெய்ன் எல்லாம் அமைந்தால் வருவது. ஸ்ட்ரெய்ன் மாறினாலோ குடுவையில் திரவம் அதிகமாக ஊற்றியிருந்தாலோ 25, 30 என்று வருவது சாதாரணம். விடையை முன்பே முடிவு செய்துகொண்டு ரீடிங்கைக் குறை சொல்லக் கூடாது.

மலர், உங்கள் ரீடிங்குகள் நன்றாக இருக்கின்றன. தவறு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அட்டவணையில் நடந்தது நேரத்தை நீட்டுகிறது, படத்தில் நடந்தது சுருக்குகிறது. கணக்குப்புலி சொன்ன சராசரி 25-க்குப் பக்கத்தில் வந்தது அதனால்தான். அது தற்செயல். அடுத்த குழுவின் எண்களை இதே மாதிரி சராசரி எடுத்தால் எங்கேயோ போய் நிற்கும்.

பதில் எழுதுமுன் ஒரு கேள்வி. ஸ்பெக்ட்ரோவை எதை வைத்துப் பூஜ்யம் ஆக்கினீர்கள்? ஸ்கிரீன்ஷாட்டின் இடது அச்சில் என்ன எழுதியிருக்கிறது?

மலர்_2ஆம்ஆண்டு

வடிநீர் வைத்துத்தான் பூஜ்யம் செய்தோம். எல்.பி. மட்டும் உள்ள குவெட்டை கடைசியில் பார்த்தபோது 0.042. அது எதற்கு என்று தெரியாமல் அட்டவணைக்குக் கீழே குறித்து வைத்தேன். படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அண்ணாவிடம் முழுப் படம் கேட்டு வாங்கினேன். அச்சில் `OD600 (blank corrected)` என்று இருக்கிறது. கீழிருந்து மேலே 0.01, 0.1, 1, 10.

குடுவை

அப்படியானால் இரண்டு முடிச்சும் அவிழ்ந்தது. முதலில் அட்டவணை.

எல்.பி. லேசான மஞ்சள் நிறம். பாக்டீரியா ஒன்றுகூட இல்லாவிட்டாலும் உங்கள் ஸ்பெக்ட்ரோ அதற்கு 0.042 காட்டுகிறது. வடிநீரில் பூஜ்யம் செய்ததால், நீங்கள் எழுதிய ஒவ்வொரு எண்ணிலும் அந்த 0.042 உட்கார்ந்திருக்கிறது. மென்பொருளில் அதைக் கழித்துவிட்டார்கள், நோட்டில் கழிக்கவில்லை.

"எல்லா எண்ணிலும் ஒரே அளவு கூடியிருந்தால் சரிவு மாறாதே" என்று தோன்றும். சாதாரண வரைபடத்தில் அது சரி. நாம் மடக்கை எடுக்கிறோம், அதனால் இங்கே செல்லாது. 60-வது நிமிடத்தில் பாக்டீரியாவின் பங்கு 0.051 மட்டுமே, அதோடு 0.042 சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். 120-வது நிமிடத்தில் பங்கு 0.267, அங்கே 0.042 சேர்வது பெரிதாகத் தெரியாது. கோட்டின் கீழ் முனை மட்டும் மேலே தூக்கப்பட்டு, சரிவு படுத்துவிடுகிறது. சரிவு படுத்தால் இரட்டிப்பு நேரம் நீளும்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எல்.பி. வரிசைகூடத் தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு ரீடிங்குகளுக்கு இடையே தனித்தனியாக இரட்டிப்பு நேரம் போட்டுப் பாருங்கள்:

```
இடைவெளி     கழிக்காமல்    0.042 கழித்து
60–80        41.4          25.4
80–100       33.8          24.8
100–120      30.5          25.2
120–140      29.2          26.0
140–160      32.4          30.2
```

உண்மையான லாக் கட்டத்தில் இந்த எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடது வரிசை 41-இலிருந்து 29 வரை இறங்கிக்கொண்டே போகிறது, எங்கும் நிற்கவில்லை. பாக்டீரியா தொடர்ந்து வேகம் கூட்டிக்கொண்டே போவது போன்ற தோற்றம் இது. பிளாங்க் கழிக்காததன் கைரேகை என்றே சொல்லலாம். வலது வரிசை 25-இல் நின்று, பிறகு 30-க்குத் தாவுகிறது. நின்ற இடம்தான் உங்கள் லாக் கட்டம்.

கணக்குப்புலி

ஒத்துக்கொள்கிறேன், சராசரி தப்புதான். ஆனால் நானும் 0.042 கழித்துவிட்டு எக்செல்லில் LOG போட்டு, 60 முதல் 120 வரை சரிவு எடுத்தேன். 0.012 வந்தது. 0.693-ஐ அதால் வகுத்தால் 58 நிமிடம் வருகிறதே? 25 எங்கிருந்து வந்தது?

குடுவை

எக்செல்லில் LOG என்று மட்டும் கொடுத்தால் 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கை வரும். 0.693 என்பது இயல்மடக்கையில் 2-இன் மதிப்பு. பத்தடி மடக்கையில் 2-இன் மதிப்பு 0.301. சரிவை எந்த மடக்கையில் எடுத்தீர்களோ, 2-ஐயும் அதே மடக்கையில் எடுக்க வேண்டும். 0.301-ஐ 0.012-ஆல் வகுங்கள், 25 வந்துவிடும். இரண்டையும் கலந்தால் விடை சரியாக 2.3 மடங்கு பெரிதாகும். யாராவது 55, 60 நிமிடம் என்று கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தொல்லையே வேண்டாம் என்றால், A நெடுவரிசையில் நேரம், B-இல் எழுதிய ஓ.டி., முதல் வரிசை தலைப்பு என்று வைத்துக்கொண்டு:

```
C2:  =B2-0.042
D2:  =LN(C2)
F2:  =LN(2)/SLOPE(D5:D8,A5:A8)
```

C2, D2 இரண்டையும் கீழே இழுத்துவிடுங்கள். 5 முதல் 8 வரையான வரிசைகள் 60 முதல் 120 நிமிடம். விடை 25.09. SLOPE-இல் மடக்கை முதலில், நேரம் பிறகு. மாற்றிக் கொடுத்தால் எண் ஒன்று வரத்தான் செய்யும், ஆனால் அதற்குப் பொருள் இல்லை.

மூன்றாம்_பெஞ்ச்

தலைமுறை எண்ணிக்கைக்கு 3.3 பெருக்கல் log(Nt/N0) என்று ஒரு சூத்திரம் உண்டே, அதுதான் கேட்கிறார்களா? அதற்கு பிளேட்டில் காலனி எண்ண வேண்டும். ஓ.டி. வைத்துக் கணக்கே போட முடியாது என்று எங்கள் மேடம் சொன்னார்கள்.

குடுவை

சூத்திரம் ஒன்றுதான், 3.3 என்பது 1-ஐ 0.301-ஆல் வகுத்தது. தலைமுறை எண்ணிக்கை கிடைத்ததும் எடுத்துக்கொண்ட நேரத்தை அதால் வகுத்தால் இரட்டிப்பு நேரம். மலர் கேட்பது அந்தக் கடைசி எண்.

மேடம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓ.டி. செல்களை எண்ணுவதில்லை, கலங்கலைத்தான் அளக்கிறது. இறந்த செல்லும் கலங்கல் தரும், பெரிய செல் கூடுதலாகத் தரும். லேக் கட்டத்தில் செல்கள் பிரியாமலே பருத்து ஓ.டி. ஏறுவது உண்டு. ஆனால் லாக் கட்டத்துக்குள் செல்லின் சராசரி அளவு மாறாமல் இருக்கும்வரை, ஓ.டி. இரட்டிப்பதும் செல் இரட்டிப்பதும் ஒன்றாகவே போகும். விகிதம்தான் வேண்டும் என்பதால் ஒரு ஓ.டி.க்கு எத்தனை செல் என்பதுகூடத் தேவையில்லை.

மலர்_2ஆம்ஆண்டு

கழித்துப் போட்டேன், 25.09 வந்தது. நன்றி! ஆனால் படத்தில்தான் பிளாங்க் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறதே, அதில் எப்படி 16.7 வந்தது?

குடுவை

அந்த "நடு"வில்தான் சிக்கல். இடது அச்சு 0.01, 0.1, 1, 10 என்று சம இடைவெளியில் போகிறது. அது மடக்கை அச்சு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பாதிப் படி ஏறினால் 10-இன் வர்க்கமூல மடங்கு, அதாவது 3.16. எனவே 0.1-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பது 0.316, 0.55 அல்ல. உங்கள் 41 நிமிடத்தில் நடந்தது 5.5 மடங்கு வளர்ச்சி இல்லை, 3.16 மடங்கு. திருப்பிப் போட்டால் 24.7 நிமிடம்.

இடையில் கோடுகள் இல்லாத மடக்கை அச்சில் கண்ணால் எண் படிக்கவே வேண்டாம். பிக்சலில் அளக்கலாம். படத்தை பெயின்ட் மாதிரி ஏதாவதில் திறந்து, கர்சரை 0.1 கோட்டிலும் 1 கோட்டிலும் வைத்து, கீழே காட்டும் செங்குத்து எண்களைக் குறியுங்கள். அதே மாதிரி கிடை அச்சில் 0-விலும் 240-லும். அந்த நான்கு எண்ணையும் இங்கே போடுங்கள்.

மலர்_2ஆம்ஆண்டு

0.1 கோடு 412-இல், 1 கோடு 172-இல் இருக்கிறது. கிடையில் 0 நிமிடம் 80-இல், 240 நிமிடம் 800-இல். மேலே போகப் போக எண் குறைகிறதே, சரியா?

குடுவை

சரிதான், பிக்சலை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். வித்தியாசம் மட்டுமே நமக்குத் தேவை.

பத்து மடங்குக்கு 412 கழித்தல் 172, அதாவது 240 பிக்சல். இரண்டு மடங்குக்கு அதில் 0.301 பங்கு, 72 பிக்சல். கிடையில் 720 பிக்சலுக்கு 240 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 3 பிக்சல். இனி ஓ.டி. எண்ணையே மறந்துவிடலாம். கோடு 72 பிக்சல் ஏற எத்தனை பிக்சல் வலப்பக்கம் நகர்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு இரட்டிப்பை மட்டும் அளந்தால் கர்சர் இரண்டு பிக்சல் தவறினாலும் பிழை பெரிதாகும். அதனால் இரண்டு இரட்டிப்பு எடுங்கள், 144 பிக்சல். கோடு 412 உயரத்தில் இருக்கும் இடத்தையும் 268 உயரத்தில் இருக்கும் இடத்தையும் பாருங்கள்.

மலர்_2ஆம்ஆண்டு

412-இல் கிடை 335. 268-இல் கிடை 486. வித்தியாசம் 151. பாதி 75.5. மூன்றால் வகுத்தால் 25.2 நிமிடம்!

குடுவை

அட்டவணை 25.1, படம் 25.2. ஒரே கல்ச்சரிலிருந்து இரண்டு வழியில் வந்து சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இது ஸ்கிரீன்ஷாட் என்பதால்தான் இவ்வளவு சுத்தமாக வந்தது. திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தால், சாய்வினால் மேலே உள்ள ஒரு பிக்சலும் கீழே உள்ள ஒரு பிக்சலும் ஒரே அளவாக இருக்காது. 0.01–0.1 இடைவெளியும் 0.1–1 இடைவெளியும் பிக்சலில் சமமா என்று முதலில் பாருங்கள். சமம் இல்லை என்றால் அந்தப் படத்தை வைத்து அளக்காதீர்கள்.

தயிர்ப்பானை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாலில் உறை ஊற்றி, தயிராகும்வரை அரை மணிக்கு ஒருமுறை கலரிமீட்டரில் 620 ஃபில்டர் வைத்துப் பார்த்தேன். எண் ஏறவே இல்லை, தொடக்கத்திலிருந்தே உச்சத்தில் நிற்கிறது. லாக்டோபேசில்லஸ் வளரவில்லை என்று பொருளா?

குடுவை

வளர்ந்திருக்கும், கருவிக்குத்தான் தெரியவில்லை. பாலே கலங்கலாக இருக்கும்போது அதற்குள் பாக்டீரியாவின் கலங்கலைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. கழிக்க வேண்டிய பிளாங்கே கருவியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஓ.டி. வேண்டுமென்றால் எம்.ஆர்.எஸ். மாதிரி தெளிந்த திரவத்தில் வளர்த்து, அதையே பிளாங்காக வையுங்கள். பாலில்தான் பார்க்க வேண்டும் என்றால் காலனி எண்ணுவதே வழி.

கலரிமீட்டர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இரண்டு தசம இடம் மட்டுமே காட்டும் கருவியில் 0.05 என்பது 0.045-ஆகவும் இருக்கலாம், 0.055-ஆகவும் இருக்கலாம். பத்து சதவீதம் அங்கேயே போய்விடும். அதில் பிளாங்க் கழித்தபின் 0.10-க்கு மேல் உள்ள புள்ளிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

மைக்ரோ_கோவை

20 பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. கழிக்காத எண்களையும் 60 முதல் 140 வரை ட்ரெண்ட்லைன் போட்டுப் பார்த்தேன். ஆர்-ஸ்கொயர் 0.996 வருகிறது, நேரம் 32.9. இவ்வளவு நல்ல நேர்கோடு எப்படித் தப்பாக இருக்க முடியும்?

குடுவை

நல்ல கேள்வி. ஐந்து புள்ளிகளும் மேல்நோக்கியே ஏறினால், லேசான வளைவு இருந்தாலும் ஆர்-ஸ்கொயர் 0.99-ஐத் தாண்டிவிடும். நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, எந்தப் பக்கம் விலகுகிறது என்பதைச் சொல்லாது. உங்கள் வரைபடத்தை நெருக்கிப் பாருங்கள். 60-உம் 140-உம் கோட்டுக்கு மேலே, நடுவில் உள்ள மூன்றும் கோட்டுக்குக் கீழே இருக்கும். தற்செயல் பிழை இப்படி ஒழுங்காக அமையாது. அது வளைவு, அதற்குக் காரணம் கழிக்காத பிளாங்க். அதனால்தான் ஆர்-ஸ்கொயரைவிட மேலே போட்ட இடைவெளி அட்டவணையை நம்புகிறேன்.

மலர், ரெக்கார்டில் 25.09 என்று எழுதாதீர்கள். உங்கள் பிளாங்க் 0.042 என்பது 0.037-ஆக இருந்திருந்தால் விடை 26.3. 0.047-ஆக இருந்திருந்தால் 23.9. குவெட்டில் ஒரு விரல் ரேகை போதும் இவ்வளவு மாற. "25 நிமிடம், ஏறக்குறைய ஒன்று கூடவோ குறையவோ" என்று எழுதி, 60 முதல் 120 வரை நான்கு புள்ளிகள் எடுத்ததாகவும் குறிப்பிடுங்கள். மாதிரி எடுத்த உண்மையான நேரத்தைத்தான் குறித்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் என்று திட்டமிட்டு 22-இல் எடுத்திருந்தால், எழுத வேண்டியது 22.

மலர்_2ஆம்ஆண்டு

கடிகார நேரம்தான் குறித்தேன், ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளவில்லை. கடைசியாக ஒன்று. 140-வது நிமிடத்தை ஏன் விட வேண்டும்? அதையும் சேர்த்துப் போட்டால் 25.3 வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லையே?

குடுவை

எண்ணில் வித்தியாசம் இல்லைதான். ஆனால் அந்த இடைவெளி 26.0 காட்டுகிறது, அடுத்தது 30.2. இறக்கம் அங்கேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எல்.பி.யில் சர்க்கரை மிகக் குறைவு. ஈ. கோலை சீக்கிரமே அமினோ அமிலங்களுக்கு மாற வேண்டியிருக்கும், ஓ.டி. 0.3 தாண்டியதுமே வேகம் குறையத் தொடங்கலாம். அதனால் விடுவேன்.

பெட்ரி_கிண்ணம்

நான் சேர்த்துக்கொள்வேன். 0.45 அளவில் பல ஸ்பெக்ட்ரோக்கள் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டத் தொடங்கும். செல்கள் அடர்ந்தால் ஒரு செல் சிதறடித்த ஒளி இன்னொன்றில் பட்டு மறுபடி கருவிக்கே திரும்பிவிடும். 26.0 என்பது பாக்டீரியா வேகம் குறைந்ததால் வந்ததா, கருவி குறைத்துக் காட்டியதால் வந்ததா என்று இந்த அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு புள்ளியை விடுவதற்கு அது போதுமான காரணம் இல்லை.

குடுவை

ஆனால் கருவி குறைத்துக் காட்டினாலும் அந்தப் புள்ளி நம்பத்தக்கது இல்லைதானே? காரணம் எதுவாக இருந்தாலும் வெளியே போக வேண்டியது அதுதான்.

பெட்ரி_கிண்ணம்

எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்தால் திருத்திவிட்டு வைத்துக்கொள்ளலாம். அடுத்த பேட்சில் மலர் செய்து பார்க்கட்டும். 140 முதல் ஒவ்வொரு மாதிரியிலும் 250 மைக்ரோலிட்டர் எடுத்து 750 மைக்ரோலிட்டர் எல்.பி.யோடு கலந்து, எல்.பி. பிளாங்கைக் கழித்து, நான்கால் பெருக்கிப் பாருங்கள். தண்ணீரில் கலக்காதீர்கள், பிளாங்க் மறுபடி தப்பிவிடும். நீர்க்காமல் பார்த்த எண்ணும் பெருக்கிய எண்ணும் ஒன்றாக இருந்தால் வேகம் குறைந்தது பாக்டீரியாவில்தான், குடுவை சொல்வது சரி. பெருக்கியது கூடுதலாக வந்தால் கருவிதான் குறைத்துக் காட்டியிருக்கிறது.

மலர்_2ஆம்ஆண்டு

பழைய மாதிரிகளை ஆட்டோகிளேவ் செய்துவிட்டோம். வியாழக்கிழமை அடுத்த குழு செய்கிறது. 140, 160, 180 மூன்றுக்கும் நான்கு மடங்கு நீர்த்து எடுத்து இங்கேயே போடுகிறேன். ரெக்கார்டில் இப்போதைக்கு 60 முதல் 120, 25 நிமிடம்.